புனேயில் ஓடுகிறவருக்கு மல்டிவைட்டமின் வேண்டுமா?

காலை ஆறு மணிக்கு வேதாள் டேக்டியில் ஏறி இறங்குகிறவர்களிலும், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சிங்ஹகட் அடிவாரம் வரை போய் வருகிறவர்களிலும் பலருடைய வீட்டில் ஒரு மல்டிவைட்டமின் டப்பா இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறோம், நன்றாக உழைக்கிறோம், அதற்கு மேல் ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டால் குறை எதுவும் இராது என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலான சத்துகளுக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் புனேயில் விடை மாறுகிறது. அது வைட்டமின் பி12.

முதலில் பொதுவான விடை. அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய 14,641 ஆண் மருத்துவர்களில் பாதிப் பேருக்கு மல்டிவைட்டமினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. புற்றுநோய் 8 சதவீதம் குறைந்தது. பின்னர் இன்னும் பெரிய அளவில் நடந்த காஸ்மாஸ் என்ற ஆய்வில் அந்தச் சிறு பலனும் உறுதிப்படவில்லை. 2024-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 3,90,124 பேரின் இருபதாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தது. தினம் மல்டிவைட்டமின் போட்டவர்கள் கூடுதலாக வாழவில்லை. விளையாடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தில் வீரர்களுக்கு ஏழெட்டு மாதம் வைட்டமின், தாது மாத்திரைகளைக் கொடுத்தும் அவர்களுடைய ஆட்டத் திறன் உயரவில்லை என்று 1992-இல் எழுதினார்கள். உணவில் சத்து குறையாதவருக்கு மாத்திரையில் வருவது உபரி. மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம் என்று நம்புகிறவர்கள் உண்டு. தேவைக்கு மிஞ்சிய ரிபோஃப்ளேவின் வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

இப்போது புனே. இங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 441 நடுத்தர வயது ஆண்களின் ரத்தத்தைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். கிராமத்தார், குடிசைப் பகுதியினர், நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் என மூன்று பிரிவினரும் அதில் இருந்தார்கள். மொத்தத்தில் 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவு. ஏழைகளிடம்தான் அதிகம் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதிகம் குறைந்திருந்தது நகரத்து நடுத்தர வர்க்கத்தாரிடம்: 81 சதவீதம். காய், பருப்பு, பழம், பால் எல்லாம் வாங்கிச் சாப்பிட வசதியுள்ளவர்கள் அவர்கள். சைவ உணவுக்காரர்களுக்குக் குறைபாட்டுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

இதில் புதிர் ஒன்றுமில்லை. பி12-ஐ உண்டாக்குவது நுண்ணுயிரிகள் மட்டும். செடிகொடிகள் அதை உண்டாக்குவதும் இல்லை, அவற்றுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. ஆகவே தட்டில் எத்தனை வகைக் கீரை, பயறு, சிறுதானியம் சேர்த்தாலும் பி12 கணக்கில் சுழியம்தான் கூடும். இட்லி மாவு புளிப்பதால் பி12 வந்துவிடும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நம்பிக்கை வைக்கிற அளவுக்கு அதில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி ஆகியவைதான் வழி.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாக்கட்டில் குடியிருந்து ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பத்துச் சைவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போஹாவும் டீயும். மதியம் சப்பாத்தி, மட்கி உசள், கோஷிம்பீர். மாலையில் இன்னொரு டீ, நிலக்கடலைச் சிக்கி. இரவு சாம்பார் சாதம், பொரியல், தயிர். பார்த்தால் குறை சொல்ல முடியாத சாப்பாடு. புரதமும் நார்ச்சத்தும் இரும்பும் ஃபோலேட்டும் அதில் இருக்கின்றன. பி12 வருவது இரண்டு டீயில் உள்ள சுமார் 100 மில்லி பாலிலிருந்தும் 150 கிராம் தயிரிலிருந்தும் மட்டுமே. 100 மில்லி பாலில் அரை மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். தயிரிலும் ஏறக்குறைய அதே அளவு. பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். எல்லாம் கூட்டினால் நாளுக்கு ஒரு மைக்ரோகிராம் தேறும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு வகுத்த அளவு 2.2 மைக்ரோகிராம். பாதிகூட நிரம்பவில்லை.

அதே மனிதர் இரவில் ஒரு பெரிய தம்ளர் பால் குடித்து, காலையில் இரண்டு முட்டையும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் பாங்கடா மீன் சாப்பிடும் வீட்டில் இந்தக் கேள்வியே எழாது. அயிலை என்று நாம் சொல்லும் அந்த மீனில் பி12 தாராளமாக இருக்கிறது. அசைவக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு ஸ்ராவண மாதம், சதுர்த்தி, வியாழன், சனி என்று விலக்கி விலக்கி மாதத்தில் இரண்டு முறை கோழி சாப்பிடுகிறவர்கள் தங்களைச் சைவர் கணக்கில் வைத்துக்கொள்வதே நல்லது.

இப்படி இருந்தும் உடனே ஏன் யாரும் விழுந்துவிடுவதில்லை? கல்லீரல் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12-ஐச் சேர்த்து வைக்கிறது. கறி மீனை விட்டுவிட்டவருக்குக் குறைபாடு தெரிய வருடக்கணக்கில் ஆகும். யாஜ்னிக் குழுவினர் கண்ட குறைந்த அளவுக்காரர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் எண் குறைவாக இருப்பது வேறு, நோய் வேறு. ஆனால் குறைவு நீடித்தால் பாதங்களில் மதமதப்பு, நாக்கு எரிச்சல், படியேறும்போது மூச்சு வாங்குதல் என்று வரத் தொடங்கும். ஓடுகிறவர் கால் மதமதப்பைப் புது ஷூவின் தவறு என்றும் மூச்சிரைப்பைப் பயிற்சிக் களைப்பு என்றும் நினைத்துத் தள்ளிப்போடுவார்.

சரி, மாத்திரை இந்தப் பள்ளத்தை நிரப்புமா? நிரப்பும், அதுவும் ஆச்சரியமான அளவு சிறிய மாத்திரை. அதே புனேக் குழுவினர் கிராமத்துக் குடும்பங்களில் சுமார் 300 பேருக்கு ஒரு வருடம் தினமும் 2 அல்லது 10 மைக்ரோகிராம் பி12 கொடுத்து, வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டு, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். பி12 குறையும்போது ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் 2 மைக்ரோகிராமிலேயே நன்றாக இறங்கியது. பத்து கொடுத்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே ஃபோலிக் அமிலம் சேர்த்ததால் கூடுதல் பலனும் இல்லை. இதற்குக் காரணம் குடலில் இருக்கிறது. பி12-ஐ உள்ளே எடுத்துச் செல்லும் அமைப்பு ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம் வரைதான் ஏற்கும். அதற்கு மேல் விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆகவே இதுவரை குறைபாடு வராத சைவருக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரை தினம் வேண்டியதில்லை. குறைபாடு உறுதியாகி நரம்பில் தொந்தரவும் இருப்பவருக்கு அந்தப் பெரிய அளவும் ஊசியும் வேண்டும். அது மருத்துவர் முடிவு செய்வது, மல்டிவைட்டமினால் ஆவதில்லை.

வாங்குவதானால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'தினசரித் தேவையில் நூறு சதவீதம்' என்ற எழுத்தை நம்ப வேண்டாம். 2010-இல் வகுத்த பழைய அளவு 1 மைக்ரோகிராம்தான். அதை வைத்து அச்சிட்ட நூறு சதவீதம் இன்றைய கணக்கில் பாதிக்கும் குறைவு. மைக்ரோகிராம் எண்ணையே பாருங்கள். 2-க்குக் குறையக் கூடாது. சில பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்களில் ஃபோலிக் அமிலம் ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். பி12 குறைந்த உடம்பில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் ஏற்றினால் ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தெரியும். நரம்பின் கேடு உள்ளுக்குள் தொடரும். அதிக அளவு வைட்டமின் சி, ஈ சேர்த்த மாத்திரையும் ஓடுகிறவருக்கு ஆகாது. தினம் 1,000 மில்லிகிராம் சி-யும் கூடவே வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களின் தசைகளில் பயிற்சியால் வரவேண்டிய மாற்றங்கள் மட்டுப்பட்டதாகச் சில சோதனைகள் காட்டின. சாதாரண மல்டிவைட்டமினில் அவ்வளவு இருக்காது. 500 மில்லிகிராம் மெல்லும் மாத்திரையையும் சேர்த்துத் தினம் போடுகிறவர்தான் கவனிக்க வேண்டும்.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுவது முக்கியம். தொடங்கிய பிறகு எண் ஏறிவிடும், முதலில் எங்கே இருந்தோம் என்று தெரியாது. பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் ஹோமோசிஸ்டீனும் பார்க்கச் சொல்வார்கள். அந்த ரத்தத்தை உடனே குளிரில் வைத்துப் பிரிக்காவிட்டால் அளவு பொய்யாக ஏறிக்காட்டும் என்பதால், வீட்டுக்கு வந்து எடுப்பவரிடம் கொடுப்பதைவிட ஆய்வகத்துக்கே போய்க் கொடுங்கள். ரத்த அணுக்கள் பெரிதாகி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். நம் ஊரில் இரும்புச் சத்தும் சேர்ந்தே குறைந்திருப்பதால் அணுவின் அளவு நடுவில் நின்று ஏமாற்றும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, அசிடிட்டிக்கு நீண்ட நாளாக பான்டோபிரசோல் போன்றதோ எடுப்பவர்கள் மீன் கறி சாப்பிட்டாலும் பி12 சோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்து அதை உள்ளே போகவிடாமல் குறைக்கிறது.

மாதவிடாய் அதிகம் போகும், நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்பு தனிக் கணக்கு: ஃபெரிட்டின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கால்சியத்தோடு ஒரே மாத்திரையில் வரும் சிறிதளவு இரும்பு அதற்குப் போதாது. ஆண்களுக்குத் தேவையில்லாமல் இரும்பு கொடுப்பதும் நல்லதல்ல. வைட்டமின் டி-யும் அப்படித்தான், சூரியன் ஏறுவதற்கு முன் ஓடி முடித்து அலுவலகத்தில் அடைந்திருப்பவர் அதைத் தனியாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தினமும் பாலும் முட்டையும், அல்லது வாரத்தில் சில முறை மீனோ கறியோ சாப்பிடுகிறவர், மேலே சொன்ன மருந்துகள் எதுவும் எடுக்காதவர் என்றால், மல்டிவைட்டமினுக்குச் செலவிடும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். முட்டைகூடத் தொடாத சைவராக இருந்தால் பி12 மட்டும் சோதித்துவிட்டு, நாளுக்கு 2 மைக்ரோகிராமுக்குக் குறையாத ஒரு மாத்திரையைத் தொடருங்கள். அது மல்டிவைட்டமினாக இருந்தாலும் சரி, வெறும் பி12 ஆக இருந்தாலும் சரி.