மூன்று அறிவியலா, இரண்டா? உயர்நிலை 2 மாணவருக்குப் பாடத் தெரிவில் ஆலோசகர் எப்படி உதவுகிறார்

உயர்நிலை 2 படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டிறுதி நெருங்கும்போது ஒரு படிவம் வந்து சேரும். உயர்நிலை 3இல் எந்தப் பாடங்களைப் படிக்கப் போகிறீர்கள் என்று கேட்கும் படிவம் அது. பள்ளி தரும் பாடச் சேர்க்கைகளை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கச் சில நாள்களே அவகாசம் இருக்கும்.

அந்த நாள்களில்தான் பலர் பள்ளிக்கு வரும் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரைத் தேடிச் செல்கிறார்கள். மனநலம், நட்பு, குடும்பப் பிரச்சினை போன்றவற்றுக்கு உதவும் பள்ளி ஆலோசகர் வேறு, இவர் வேறு. படிப்பு, மேற்படிப்பு, வேலை ஆகியவை பற்றி மாணவர் முடிவெடுக்க உதவுவதே இவருடைய பணி. நேரம் குறித்துக்கொண்டு மாணவர் தனியாகச் சந்திக்கலாம், பெற்றோருடனும் செல்லலாம்.

அப்படிப்பட்ட சந்திப்பில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழி பார்ப்போம். இதில் வரும் மாணவியும் தந்தையும் குறிப்பிட்ட குடும்பத்தினர் அல்லர். பல வீடுகளில் நடப்பதைத் திரட்டிச் சொல்லும் சூழல் இது.

மாணவி எல்லாப் பாடங்களையும் ஜி3 நிலையில் படிக்கிறார். தமிழில் 82, புவியியலில் 74, அறிவியலில் 71, ஆங்கிலத்தில் 68, கணிதத்தில் 58 மதிப்பெண். பள்ளி மூன்று சேர்க்கைகளைத் தருகிறது. ஆங்கிலம், தமிழ், கணிதம், இணைந்த மனிதவியல் ஆகிய நான்கும் மூன்றிலும் உண்டு. முதல் சேர்க்கையில் அவற்றோடு கூடுதல் கணிதமும் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடங்களாக வரும். மொத்தம் 8 பாடங்கள். இரண்டாவதில் கூடுதல் கணிதம், வேதியியல், உயிரியல், மொத்தம் 7. மூன்றாவதில் கூடுதல் கணிதம் இல்லை. வேதியியலும் உயிரியலும் சேர்ந்து ஒரே பாடமாக எண்ணப்படும் இணைந்த அறிவியலும், தனிப் பாடமாகப் புவியியலும் உண்டு, மொத்தம் 6.

“டாக்டருக்குப் படிக்கணும்னா மூணு சயன்ஸும் வேணுமே,” என்கிறார் தந்தை. மகள் எதுவும் சொல்லவில்லை.

முதல் கேள்வி வேலையைப் பற்றியது அல்ல

“நீ என்னவாகப் போகிறாய்?” என்று ஆலோசகர் கேட்கவில்லை. பதினான்கு வயதில் அதற்கு வரும் பதில் பெரும்பாலும் வீட்டில் கேட்டதாகவோ தொலைக்காட்சியில் பார்த்ததாகவோ இருக்கும். “வீட்டுக்குப் போனதும் எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை முதலில் எடுப்பாய்? எதைக் கடைசி வரை தள்ளிப்போடுவாய்?” என்று கேட்கிறார். உயிரியல் பகுதியை முதலில் எடுப்பதாகவும் கணிதத்தைத் தள்ளிப்போடுவதாகவும் மாணவி சொல்கிறார்.

பிறகு கணிதத் தேர்வுத்தாளைக் கொண்டுவரச் சொல்கிறார். 58 என்ற எண்ணைவிட அந்த மதிப்பெண்கள் எங்கே போயின என்பதுதான் அவருக்கு முக்கியம். வடிவியலிலும் புள்ளியியலிலும் மாணவி நன்றாகவே செய்திருக்கிறார். இழந்தவற்றில் பெரும்பகுதி இயற்கணிதத்தில், அதாவது காரணிப்படுத்துவதிலும் சமன்பாடுகளைத் தீர்ப்பதிலும். கூடுதல் கணிதம் ஏறத்தாழ முழுவதும் இயற்கணிதத்தின் மேல்தான் எழுப்பப்படுகிறது. அதனால் வடிவியலில் வழுக்கி 58 வாங்கியவருக்கும் இயற்கணிதத்தில் வழுக்கி 58 வாங்கியவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் மாணவி செய்த ஆர்வக் கணிப்பின் முடிவும் மேசையில் இருக்கிறது. ஆராய்வதிலும் பிறருக்கு உதவுவதிலும் நாட்டம் இருப்பதாக அது காட்டுகிறது. ஆலோசகர் அதைப் பேச்சைத் தொடங்கப் பயன்படுத்துகிறாரே தவிர, தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கணிப்பு விருப்பத்தைச் சொல்லும், திறமையைச் சொல்லாது. அதே கேள்விகளுக்குச் சில வாரங்கள் கழித்து மிகவும் வேறுபட்ட விடை வந்தால், அதை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது.

எந்தக் கதவு உண்மையில் மூடுகிறது?

அடுத்து, ஆலோசகர் பின்னாலிருந்து முன்னால் வருகிறார். தந்தை விரும்பும் மருத்துவப் படிப்பிலிருந்தே தொடங்குகிறார்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்புக்குத் தொடக்கக்கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவர் எச்2 நிலையில் வேதியியலும், அதோடு உயிரியல் அல்லது இயற்பியலும் படித்திருக்க வேண்டும். கட்டாயமானது வேதியியல்தான். மற்ற இரண்டில் ஒன்று போதும். ஆகவே உயர்நிலைப் பள்ளியில் மூன்று அறிவியலையும் தனித்தனியாகப் படிக்காதவருக்கு மருத்துவக் கதவு மூடிவிடும் என்ற எண்ணம் சரியல்ல. இரண்டாவது சேர்க்கையில் வேதியியலும் உயிரியலும் இருப்பதால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

இரண்டாவது சேர்க்கை மூடுவது வேறொரு கதவை. அதில் இயற்பியல் இல்லை. பின்னாளில் பொறியியல் பக்கம் போக நினைத்தால் தொடக்கக்கல்லூரியில் எச்2 இயற்பியல் எடுப்பது கடினம். “அது உனக்குப் பரவாயில்லையா?” என்று மாணவியிடம் நேராகக் கேட்கிறார். பரவாயில்லை என்கிறார் அவர்.

பெற்றோர் அதிகம் பேசாத பாடம் ஒன்று உண்டு. அது கூடுதல் கணிதம். எச்2 கணிதப் பாடத்திட்டம், மாணவர் கூடுதல் கணிதம் படித்திருக்கிறார் என்ற எண்ணத்தில்தான் தொடங்குகிறது. பொறியியல், கணினியியல் போன்ற பட்டப்படிப்புகள் பலவற்றில் எச்2 கணிதம் எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே மூன்று அறிவியலா இரண்டா என்பதைவிட, கூடுதல் கணிதம் உண்டா இல்லையா என்பதே பல மாணவர்களுக்குப் பெரிய திருப்பம்.

இங்கே இன்னொன்றையும் ஆலோசகர் சொல்கிறார். கூடுதல் கணிதம் முடியவில்லை என்றால் உயர்நிலை 3இலோ 4இலோ பள்ளியின் ஒப்புதலோடு அதை விட்டுவிடலாம். ஆனால் எடுக்காதவர் பாதியில் சேர்வது அரிது, ஏனென்றால் அதற்குள் பல மாதப் பாடம் ஓடிப்போயிருக்கும்.

எண்ணிக்கை கூடினால் புள்ளி கூடுமா?

“அப்படியானால் எட்டையும் எடுத்து, முடியாததை விட்டுவிடலாமே?” என்பது தந்தையின் அடுத்த கேள்வி. ஆலோசகர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுகிறார்.

2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் முதல், மாணவர்கள் சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதுவார்கள். முதல் தேர்வு 2027இல் நடைபெறும். 2028 முதல் தொடக்கக்கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு பாடங்களுக்குப் பதிலாக ஐந்து பாடங்களே கணக்கில் வரும். இதை எல்1ஆர்4 என்கிறார்கள். ஆங்கிலம் அல்லது உயர்தமிழ் போன்ற உயர்தாய்மொழி ஒன்று, மனிதவியல் பாடம் ஒன்று, கணிதம் அல்லது அறிவியல் ஒன்று, மனிதவியல், கணிதம், அறிவியல் ஆகியவற்றிலிருந்து மேலும் ஒன்று, கடைசியாக எந்தப் பாடமானாலும் ஒன்று. ஏ1 தேர்ச்சிக்கு 1 புள்ளி, ஏ2க்கு 2 என்று கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 16க்குள் இருக்க வேண்டும். புள்ளி குறையக் குறைய நல்லது.

மாணவிக்கு ஆங்கிலத்தில் 3, மனிதவியலில் 4, கணிதத்தில் 3, வேதியியலில் 2, தமிழில் 1 கிடைத்தால் மொத்தம் 13. முதல் சேர்க்கையை எடுத்திருந்தால் இயற்பியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகிய மூன்றும் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. அவற்றுக்குச் செலவான நேரத்தால் மனிதவியல் 5ஆகவும் வேதியியல் 4ஆகவும் சரிந்து, கைகொடுக்க வேறு நல்ல பாடமும் இல்லையென்றால், மொத்தம் 16க்குப் போய்விடும். அது விளிம்பு.

ஆங்கிலத்தையும் மனிதவியலையும் அவர் அடிக்கோடிடுகிறார். அறிவியல் பாடம் ஒன்று சறுக்கினால் இன்னொன்றை வைத்து ஈடுகட்டலாம். இந்த மாணவி உயர்தமிழ் படிக்காததால் ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. மனிதவியல் யாருக்கும் கட்டாயம் கணக்கில் வரும். பள்ளிக்கு வெளியே துணைப்பாட வகுப்புக்குச் செலவாகும் நேரம் எல்லாம் அறிவியலுக்கே போகும் வீடுகளில் இந்த இரண்டும்தான் கவனிக்கப்படாமல் போகின்றன.

பலதுறைத் தொழிற்கல்லூரிக்கான கணக்கிலும் ஐந்து பாடங்களே வருகின்றன: ஆங்கிலம், படிக்க விரும்பும் துறைக்குத் தொடர்புடைய இரண்டு, மற்றவற்றில் சிறந்த இரண்டு. சுகாதாரம், உயிர்மருத்துவம் சார்ந்த பட்டயப்படிப்புகளை நோக்கிப் போக நினைத்தாலும் இரண்டாவது சேர்க்கையில் தேவையானவை இருக்கின்றன.

முடிவை யார் எடுத்தார்?

ஆலோசகர் எதையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. மாணவி இரண்டாவது சேர்க்கையை முதல் விருப்பமாக எழுதுகிறார். தந்தை யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை வைக்கிறார்: கணிதம் தேற வேண்டும். அதை ஆலோசகர் ஒரு திட்டமாக மாற்றுகிறார். ஆண்டிறுதி விடுமுறையில் உயர்நிலை 2 இயற்கணிதத்தை மட்டும் கணித ஆசிரியர் தரும் பயிற்சித்தாள்களைக் கொண்டு திரும்பச் செய்ய வேண்டும். உயர்நிலை 3இன் நடுப்பகுதியில் கூடுதல் கணிதத்தில் இன்னும் தேறவில்லை என்றால் அதை விடுவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஆறு பாடங்கள் மிஞ்சும். இரண்டு கணக்குகளுக்கும் அவை போதும்.

படிவத்தைக் கொடுக்கும் முன் அவர் சொன்ன கடைசி விஷயம் இரண்டாவது விருப்பத்தைப் பற்றியது. முதலாவதாக எழுதியது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இடங்களின் எண்ணிக்கையையும் தேர்ச்சியையும் பார்த்தே பள்ளிகள் ஒதுக்குகின்றன. கூடுதல் கணிதத்துக்குக் கணிதத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் பள்ளிகளும் உண்டு. அதனால் இரண்டாவது வரியிலும் உண்மையில் படிக்கத் தயாரான சேர்க்கையையே எழுத வேண்டும். மாணவி அதில் மூன்றாவது சேர்க்கையை எழுதுகிறார். அவருக்குப் புவியியல் பிடிக்கும்.

வீட்டுக்குப் போகும்போது அவர்கள் கையில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. மாணவியின் மனத்தில் இருக்கும் இரண்டு தொடக்கக்கல்லூரிகள் எச்2 வேதியியலுக்கும் எச்2 உயிரியலுக்கும் என்ன கேட்கின்றன, ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியின் பட்டயப்படிப்பு எவற்றைத் தொடர்புடைய பாடங்களாக எடுத்துக்கொள்கிறது என்பவற்றை அந்தந்தக் கல்லூரியின் இணையத்தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். நிபந்தனைகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் கூடும். அதைத் தேடிப் படிக்கும் வேலையை ஆலோசகர் தந்தையிடம் கொடுக்கவில்லை. மகளிடம் கொடுத்திருக்கிறார்.