பாக்கியைக் கேட்பதற்கும் ஒரு வரிசை உண்டு

சிறு தொழில் செய்பவர்களில் பெரும்பாலோர் பாக்கிப் பணத்தை இரண்டே விதமாகத்தான் கேட்கிறார்கள். முதல் இரண்டு மாதம், “பார்ட்டி கோவிச்சுக்குமோ” என்று வாயே திறப்பதில்லை. பிறகு ஒருநாள், கூலி போட வேண்டிய சனிக்கிழமையன்று, போனில் கத்திவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து படிகள் இருக்கின்றன. அவற்றைப் பில் போடும்போதே காலண்டரில் குறித்துவிட்டால் கோபத்துக்கும் கூச்சத்துக்கும் வேலை குறைந்துவிடும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு நிறுவனம் ஒன்று, பனியன் கம்பெனி ஒன்றுக்கு ஜூன் 3-ம் தேதி சரக்கு அனுப்புகிறது. ஜிஎஸ்டியோடு பில் தொகை 1,84,000 ரூபாய். பர்ச்சேஸ் ஆர்டரில் 30 நாள் கடன் என்று எழுதியிருக்கிறது. அதாவது ஜூலை 3-க்குள் பணம் வர வேண்டும்.

முதல் நினைவூட்டல் ஜூலை 3-க்குப் பிறகு போவதல்ல, அதற்கு முன்பே போவது. ஜூன் 30 அன்று அக்கவுன்ட்ஸ் பார்ப்பவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: “வணக்கங்க சார். பில் நம்பர் 118, ரூ.1,84,000, வர்ற 3-ம் தேதி டியூ. உங்க பக்கம் என்ட்ரி ஆயிடுச்சுங்களா? ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, இன்னைக்கே சரி பண்ணித் தர்றேன்.” இதில் பணத்தையே கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பது, பில் உள்ளே ஏறிவிட்டதா என்பதை மட்டும்தான். வராத பணத்தில் ஒரு பங்கு, யாரும் ஏமாற்ற நினைக்காமலே நின்றுபோனதாக இருக்கும். ஆர்டர் நம்பர் விட்டுப்போயிருக்கும், செலானில் பெட்டி எண்ணிக்கை இடித்திருக்கும், பில் ஸ்டோர் மேசையிலேயே கிடந்திருக்கும். டியூ தேதிக்கு முன்பே இது தெரிந்தால் ஒரு போனில் தீர்ந்துவிடும். நாற்பது நாள் கழித்துத் தெரிந்தால் அதுவே அவர்களுக்கு ஒரு சாக்காகிவிடும்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-ன்படி, சரக்கு வந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகஸ்டில் வந்து “பெட்டி சரியில்லைங்க” என்று சொல்பவரிடம், ஜூன் 30-ல் நீங்கள் குறை உண்டா என்று கேட்டதையும் அவர் ஒன்றும் சொல்லாததையும் எடுத்துக் காட்டலாம்.

ஜூலை 3 போய்விட்டது. இரண்டு மூன்று நாள் பொறுத்து, 6-ம் தேதி அடுத்த செய்தி. பில்லின் பிரதியை மறுபடி இணைத்து, “3-ம் தேதி டியூ ஆன பில்லுங்க. பேமென்ட் எந்தத் தேதி போடறீங்க?” என்று இரண்டே வரி. “கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க” என்று எழுதக் கூடாது. அதற்கு வரும் பதில் “பாக்கறோம்” என்பதுதான். தேதி கேட்டால்தான் தேதி வரும்.

பதில் இல்லையென்றால் 14-ம் தேதி வாக்கில் போன். இம்முறை அக்கவுன்ட்ஸுக்கு அல்ல, ஆர்டர் கொடுத்த பர்ச்சேஸ் மேனேஜருக்கு. அடுத்த சரக்கு அவருக்குத்தான் தேவை. அவர் “22-ம் தேதி போட்டுடறோம்” என்றால், போனை வைத்ததும் அதையே செய்தியாக எழுதி அனுப்பிவிட வேண்டும்: “இப்ப பேசினபடி பில் 118-க்கு 22-ம் தேதி பணம் வரும்னு குறிச்சுக்கிட்டேங்க. நன்றி.” நான்கு படிகளில் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றாலும் இதை மட்டும் விடாதீர்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுதிய தேதி தவறினால் மறுநாள் காலையே கேட்க உங்களுக்கு உரிமை வந்துவிடுகிறது.

22-ம் தேதி 50,000 மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் இங்கேதான் தளர்ந்துவிடுகிறார்கள். வந்தவரை லாபம் என்று மறுபடி ஒரு மாதம் சும்மா இருந்துவிடுவார்கள். அப்படியில்லாமல் அன்றே, “50,000 வரவு, நன்றிங்க. மீதி 1,34,000 எந்தத் தேதி?” என்று கேட்டு வரிசையைத் தொடர வேண்டும்.

அதற்கும் பதில் இல்லை. 28-ம் தேதி முதலாளிக்கே லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், மின்னஞ்சலிலும் சேர்த்து. இதுவரை இருந்த “வணக்கங்க” இங்கே கொஞ்சம் விறைப்பாகும், ஆனால் மரியாதை குறையக் கூடாது. பில் விவரம், சொன்ன தேதி, வந்தது, மீதி எல்லாம் வரிசையாக இருக்கட்டும். கூடவே ஒரு வரி: “இந்த பாக்கி தீரும்வரை புது ஆர்டர்களை முழு முன்பணத்தின் பேரில் மட்டுமே எடுத்துக்கொள்ள இயலும்.” என் கணிப்பில், வக்கீல் நோட்டீஸை விட இந்த வரிக்குத்தான் பலம் அதிகம். ஆனால் எழுதிவிட்டு அடுத்த வாரமே கடனுக்குச் சரக்கு அனுப்பினால், அதன்பின் நீங்கள் எழுதும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

கடைசியாக, ஆகஸ்ட் 18-ல் இறுதி அறிவிப்பு. ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு போக வேண்டும். இதில் உருக்கமும் வேண்டாம், வசையும் வேண்டாம். பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்தான செலான், முந்தைய செய்திகளின் பிரதிகளை இணைத்து, “1,34,000 ரூபாயை ஆகஸ்ட் 28-க்குள் செலுத்த வேண்டும். தவறினால் 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வட்டியோடு சேர்த்து வசதிக் கவுன்சிலில் மனு செய்வோம்” என்று முடிக்க வேண்டும். இது வெறும் மிரட்டலல்ல. அந்தச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் கடன் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் ஏறும். அந்த விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 18 சதவீதம். 1,34,000-க்கு முதல் மாத வட்டி மட்டும் 2,010 ரூபாய். வாங்கிய கம்பெனிக்கு இன்னொரு இடி வருமான வரியில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் தராத தொகையை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 43பி(எச்) என்ற இந்த விதி 2024 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

செய்யப்போவதை மட்டுமே எழுதுங்கள். போலீஸ் என்று பயமுறுத்துவதும், வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடுவதும் உங்கள் மீதே அவதூறு வழக்காகத் திரும்பலாம். கெடு 28 என்றால், 29-ம் தேதி மனு ஏறியிருக்க வேண்டும். அதற்கு உத்யம் பதிவு வேண்டும், அதுவும் சரக்கு அனுப்பும் முன்பே எடுத்திருந்தால்தான் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் இருந்தாலும் இந்தத் தாமத வட்டிப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. அவர்கள் ஒரு வக்கீலைப் பார்ப்பதே நல்லது.

மனு போட மனமில்லாதவர்களும் ஒன்றை மறக்க வேண்டாம். சாதாரணமாகப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கிடைத்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணப்படும். ஒவ்வொரு மார்ச் 31-க்கும் பார்ட்டியிடம் கையெழுத்தும் சீலும் வைத்த பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்கி ஃபைலில் வையுங்கள்.