ஏற்புரை கேட்க வேண்டும்

பணி நிறைவு விழா என்றால் நம் ஊரில் ஒரு வரிசை உண்டு. மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நாலு பேர் பேச்சு, ஏற்புரை. கடைசியில் காரில் ஏற்றி வீடு வரை கொண்டுபோய் விட்டு, அங்கே காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். குழு நாலு ஊர்களில் பிரிந்து கிடக்கும்போது விழா இணையவழிக் கூட்டமாகிவிடுகிறது. அதில் மாலையும் இல்லை, காரும் இல்லை. பேச்சும் ஏற்புரையும் மட்டுமே மிஞ்சுகின்றன. அவையும் காதில் விழவில்லை என்றால் விழாவே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் ஆனது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவருக்கு ஜூமில் விழா. நாங்கள் எல்லோரும் நன்றாகவே பேசினோம். அவர் ஏற்புரை சொல்ல வாயைத் திறந்ததும் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது, பிறகு ஊளைச் சத்தம். “சார், மியூட் பண்ணுங்க” என்று ஆளாளுக்குச் சொல்ல, அவர் மியூட் செய்துகொண்டு பேசினார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நேரம் முடிந்தது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

காரணம் மிகச் சின்னது. அவர் வீட்டு ஹாலில் மடிக்கணினியில் அவர் இருந்தார். அதே ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, அப்பாவின் விழாவைப் பார்க்க மகனும் கைபேசியில் அதே கூட்டத்தில் சேர்ந்திருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் தன் ஸ்பீக்கரில் வரும் ஒலியைத் தன் மைக்கிலிருந்து கழிக்கத் தெரியும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கருவியின் ஒலியைக் கழிக்கத் தெரியாது. அதைப் புதிதாக ஒருவர் பேசுவதாக எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பிவிடும். ஒரே அறையில் திறந்த மைக் ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று என்பதற்கு மேல் போனால் இந்த வம்புதான்.

ஆகவே, போன முறை எங்கள் கணக்குப் பிரிவு அக்காவின் பணி நிறைவில் வழியனுப்பு உரை என் பொறுப்புக்கு வந்தபோது, உரை எழுதுவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். “அக்கா, நாளைக்குச் சாயங்காலம் இருபது நிமிஷம் குடுங்க. சும்மா ஒரு சோதனை.” பேசுபவர் தன் மைக்கையும் கேமராவையும் பார்த்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். சோதிக்க வேண்டியது ஓய்வு பெறுபவரின் பக்கம். அன்றைக்கு அவருடைய முகம் தெரிய வேண்டும், அவருடைய குரல் கேட்க வேண்டும். மற்றவர்கள் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் குறைவில்லை.

சோதனையில் மூன்று பேர் சேர்ந்தோம்: அக்கா, நான், கூட்டத்தை நடத்தப்போகும் கோயம்புத்தூர் தம்பி. அக்கா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் வெளிச்சம் அதிகமானால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிக்கொள்ளும், முகம் நிழலாகிவிடும். நாற்காலியை அப்படியே திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொன்னோம், அவ்வளவுதான். அப்புறம் வீட்டில் வேறு யார் சேரப்போகிறார்கள் என்று கேட்டேன். மகள் பெங்களூரில் இருந்து, பிரச்சினை இல்லை. கணவர் பக்கத்து அறையிலிருந்து கைபேசியில். “சார் உங்க பக்கத்துலயே உட்காரட்டும்கா, ஒரே திரையில ரெண்டு பேரையும் பார்ப்போம்” என்றேன். விழாவன்று இருவரையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்தது எங்களுக்குக் கிடைத்த கூடுதல் மகிழ்ச்சி.

எதிரொலி யாரிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் உங்களிடம் இல்லை. மைக்கைத் திறந்து வைத்திருக்கும் வேறு யாரிடமோ இருக்கிறது. கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொருவராக மியூட் செய்துகொண்டே போனால், யாரை மியூட் செய்ததும் எதிரொலி நிற்கிறதோ அவரிடம்தான் கோளாறு. அவரை ஹெட்போன் மாட்டச் சொன்னால் தீர்ந்தது.

அந்தச் சோதனையில்தான் பெரிய ஆபத்து ஒன்றும் பிடிபட்டது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறும் நாளில், மாலை ஐந்து மணிக்கு அவருடைய அலுவலகக் கணக்கு முடக்கப்படும். நாங்கள் விழாவை ஐந்தரைக்கு வைத்திருந்தோம். அக்கா தன் விழாவுக்கே உள்ளே வர முடியாமல் வெளியாளாகக் காத்திருப்பு அறையில் நின்றிருப்பார்! விழாவை மூன்றரைக்கு மாற்றினோம். அத்தோடு, அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கும் அழைப்பை அனுப்பி, அந்தக் கணக்கில் உள்ளே வரவைத்துச் சோதித்தோம். அலுவலகக் கணக்கு இல்லாமல் இலவச ஜூமில் விழா வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். கடைசியில் வருவது ஏற்புரை என்பதால், அறுபடுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி உரை. மண்டபத்தில் பத்து நிமிடம் பேசலாம். எதிரே இருப்பவர்கள் சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள், அது நம்மைத் தூக்கிச் செல்லும். திரையில் எல்லோரும் மியூட்டில் இருப்பார்கள். நல்ல நகைச்சுவையைச் சொல்லி நிறுத்தினால் கிணற்றுக்குள் கல் போட்ட சத்தம்கூட வராது. பேசுபவர் பதறிப்போய் வேகமெடுப்பது அங்கேதான். அதனால் நான் நான்கு நிமிடத்துக்கு மேல் எழுதவில்லை. நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள் போகும். ஆக 360 சொற்கள். சேர்ந்த ஆண்டு, பெற்ற பதவி உயர்வு, பணிபுரிந்த கிளைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அவை எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு சம்பவம் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் பகுதியை அப்படியே தருகிறேன்:

“அக்கா, நான் சேர்ந்த முதல் வருஷம், மார்ச் 31 ராத்திரி. டிரயல் பேலன்ஸ்ல 450 ரூபாய் இடிக்குது. ரெண்டு மணி நேரமா வவுச்சரைப் புரட்டிட்டிருக்கேன். நீங்க பின்னாடி வந்து நின்னு, ‘ஒன்பதால வகுத்துப் பாருப்பா’ன்னீங்க. மீதியில்லாம அம்பது வந்தது. ‘அப்போ இலக்கம் மாறியிருக்கும். நூறாம் இடமும் பத்தாம் இடமும். ரெண்டுக்கும் வித்தியாசம் அஞ்சு இருக்கற எண்ணைத் தேடு’ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள கிடைச்சுது. 7,830-ஐ நான் 7,380-ன்னு எழுதியிருந்தேன். யார் தப்புன்னு நீங்க கேட்கவே இல்லை.”

கணக்கு எழுதுபவர்களுக்கு இது தெரிந்த உத்தி. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் அப்படித்தான், எனவே ஒன்பதால் வகுபட்டாலே இலக்கம் மாறியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உரையில் இந்த விளக்கம் தேவைப்படவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் கணக்குப் பிரிவு. வேறு குழுவில் சொல்ல வேண்டியிருந்தால் அந்தச் சம்பவத்தையே எடுத்திருக்க மாட்டேன். விளக்கத் தொடங்கினால் வழியனுப்பு உரை வகுப்பாகிவிடும்.

“யார் தப்புன்னு நீங்க கேட்கவே இல்லை” என்ற இடத்தில் மூன்று வரை மனதுக்குள் எண்ணி நிறுத்தினேன். குரல் போய்ச் சேர்ந்து முகத்தில் தெரிவது நமக்குத் திரும்பி வரக் கொஞ்சம் தாமதமாகும். உடனே அடுத்த வரிக்குப் போனால், அவர் முகத்தில் நடப்பதை யாரும் பார்க்க முடியாது.

பேச்சுத்தாளை மேசையில் வைத்து வாசித்தால் திரையில் நம் உச்சந்தலைதான் தெரியும். எழுத்தை மடிக்கணினித் திரையின் மேல் விளிம்பில், கேமராவுக்கு நேர் கீழே, நாலு விரல் அகலச் சன்னலாகச் சுருக்கி வைத்துக்கொண்டேன். வரி குறுகலாக இருந்தால் கண் இடமும் வலமும் ஓடுவது தெரியாது. அக்காவைப் பார்த்துப் பேசுவது போலவே இருக்கும்.

பழைய புகைப்படங்கள் ஆறு இருந்தன. பேசும்போதே காட்டலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். திரையைப் பகிர்ந்தால் படம் பெரிதாகும், அக்காவின் முகம் மூலையில் சின்னக் கட்டமாகிவிடும். அதனால் படங்களை முதலிலேயே காட்டி முடித்து, பகிர்வை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன். ஏற்புரையின்போது தம்பி அவரை ‘ஸ்பாட்லைட்’ செய்தான். ‘பின்’ செய்தால் அது நம் திரையில் மட்டும்தான் பெரிதாகும். ஸ்பாட்லைட் செய்தால்தான் எல்லோர் திரையிலும் அவர் முகம் நிறையும்.

கைதட்டல் விஷயத்தில் ஏமாறாதீர்கள். எல்லோரும் மியூட்டை எடுத்துவிட்டுத் தட்டினால் அரங்கம் அதிரும் என்று நினைப்போம். மின்விசிறிச் சத்தத்தையும் குக்கர் விசிலையும் அடக்க வைத்திருக்கும் இரைச்சல் நீக்கி, கைதட்டலையும் இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். நாங்கள் எல்லோரும் கேமராவைத் திறந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினோம். ஹெட்போன் மாட்டிய இரண்டு பேரை மட்டும் முழுக்க மியூட் இல்லாமல் இருக்கச் சொல்லியிருந்தேன். அவர்கள் சிரித்த சிரிப்புதான் எனக்கும் அக்காவுக்கும் மண்டபமாக இருந்தது.

மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், வைஃபை பெட்டி அணைந்துவிடும். அக்காவின் கணவர் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருந்தார். அவர் திரையிலிருந்து மறைந்தால் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துவது என்றும் பேசி வைத்திருந்தோம். நல்லவேளை, தேவைப்படவில்லை.

அக்கா ஏழு நிமிடம் பேசினார். தான் முதலில் எழுதிய பேரேட்டைப் பற்றி, அதில் தப்பு கண்டுபிடித்து அழவைத்த மேலாளரைப் பற்றி, அவரைப் போல யாரையும் அழவைக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்ததைப் பற்றி. இதை அவர் அதற்கு முன் எங்களில் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டம் முடிந்ததும் பதிவு வீடியோவாக மாறச் சில நிமிடங்கள் ஆனது. அதுவரை மடிக்கணினியை மூட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். அலுவலகச் சேமிப்பகத்தின் இணைப்பை அனுப்பினால் ஐந்து மணிக்கு மேல் அக்காவால் திறக்க முடியாது. எனவே கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி, சால்வையோடு சேர்த்துக் கூரியரில் அனுப்பினோம்.

உங்கள் அலுவலகத்தில் அடுத்து யாராவது பணி நிறைவு பெறுகிறார் என்றால், முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில் யார் யார், எந்தக் கருவியில் சேர்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.