மூன்று இதழ்ப் பூவும் இரட்டிப்பாகும் விடையும்

r = cos 3θ என்ற சமன்பாட்டை வரைந்தால் மூன்று இதழ் கொண்ட பூ ஒன்று கிடைக்கும். இதன் பரப்பளவு என்ன என்று கேட்டால், 0 முதல் 2π வரை தொகையிட்டு π/2 என்று விடை எழுதுபவர்கள் ஏராளம். கணக்கில் ஒரு வரிகூடத் தப்பாக இருக்காது. ஆனால் சரியான விடை π/4. அந்த மீதிப் பாதி எங்கிருந்து வந்தது?

துருவ வடிவத்தில் ஒரு புள்ளியைச் சொல்ல இரண்டு தகவல்கள் போதும். எந்தத் திசை என்பதைக் கோணம் θ சொல்கிறது. மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை r சொல்கிறது. கோணம் கொஞ்சமாகத் திரும்பும்போது மையத்துக்கும் வளைவரைக்கும் நடுவே ஒல்லியான முக்கோணம் போன்ற கீற்று ஒன்று உருவாகும். அதன் உயரம் ஏறக்குறைய r, அடிப்பக்கம் r dθ. ஆகவே பரப்பு ½ r² dθ. கீற்றுகளையெல்லாம் கூட்டினால் மொத்தப் பரப்பளவு:

A = ½ ∫ r² dθ

கோணத்தை ரேடியனில்தான் எடுக்க வேண்டும். இதுவரை சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் r குறையெண்ணாக மாறும் இடத்தில் தொடங்குகிறது. r குறையெண் என்றால், θ காட்டும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் அவ்வளவு தூரம் போய்ப் புள்ளி வைக்க வேண்டும் என்பது மரபு.

நம் பூவை வரைந்தே பார்ப்போம். θ = 0° என்றால் r = 1. கோணம் 30° ஆகும்போது r பூஜ்யம்; முதல் இதழின் மேல்பாதி முடிந்தது. 30° முதல் 90° வரை r குறையெண். 60°-இல் r = −1 என்பதால் புள்ளி எதிர்ப்பக்கம், 240° திசையில் விழுகிறது. அதுதான் இரண்டாவது இதழ். 90° முதல் 150° வரை r மிகையெண். மூன்றாவது இதழ் 120° திசையில் விரிகிறது. 150° முதல் 180° வரை மறுபடியும் குறையெண். முதல் இதழின் மிச்சமிருந்த கீழ்ப்பாதி நிறைவடைகிறது. ஆக, 180°-க்குள் பூ முழுவதும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு 360° வரை பேனா போவதெல்லாம் போட்ட கோட்டின் மேலேயேதான்.

சுவருக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்தால் சுவரின் பரப்பு இரட்டிப்பாகிவிடாது. ஆனால் நம் சூத்திரத்துக்கு அது தெரியாது. சாதாரண x-y வரைபடத்திலாவது அச்சுக்குக் கீழே போகும் பகுதி குறையெண்ணாக வந்து, ஏதோ கோளாறு என்று காட்டிக்கொடுக்கும். இங்கே r² இருப்பதால் எல்லாமே மிகையெண்தான். பிழை வெளியே தெரியாது.

இதற்கு நல்ல வழி, ஓர் இதழை மட்டும் அளப்பது. r எங்கெல்லாம் பூஜ்யமாகிறது என்று பாருங்கள். முதல் இதழ் −30° முதல் 30° வரை, அதாவது −π/6 முதல் π/6 வரை. அந்த எல்லைக்குள் ½ cos² 3θ-வைத் தொகையிட்டால் π/12 வரும். மூன்று இதழ்களுக்கு π/4.

தொகையிடாமலே பிழையைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. ஒவ்வோர் இதழும் 60° வட்டக்கோணப்பகுதிக்குள் அடங்கிவிடும். மூன்று பகுதிகள் சேர்ந்தால் 180°, அதாவது ஓரலகு ஆரமுள்ள வட்டத்தில் சரிபாதி. அதன் பரப்பு π/2. இதழ்கள் அந்தப் பகுதிகளை அடைத்துக்கொள்ளவில்லை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். எனவே π/2 விடையாக இருக்கவே முடியாது. பரீட்சையில் அரை நிமிடம் செலவழித்து இதைப் பார்ப்பது லாபம்.

இதற்காக எப்போதும் π வரை போதும் என்று மனப்பாடம் செய்துவிடக் கூடாது. r = cos 2θ-வில் கதையே வேறு. கோணத்தோடு 180° கூட்டினால் cos 3θ குறி மாறுகிறது, திசையும் எதிராகிறது. இரண்டும் சேர்ந்து பழைய புள்ளிக்கே கொண்டுவந்து விடுகின்றன. cos 2θ குறி மாறுவதில்லை. திசை மட்டும் எதிராகிறது, புதிய இதழ் பிறக்கிறது. அதனால் நான்கு இதழ்கள், 0 முதல் 2π வரை ஒரே ஒரு சுற்று, பரப்பளவு π/2. பொதுவாக cos nθ-வில் n ஒற்றைப்படை என்றால் n இதழ்கள். இரட்டைப்படை என்றால் 2n இதழ்கள். இந்தப் பூக்களை ஆராய்ந்து ரோஜாவின் கிரேக்கப் பெயரைச் சூட்டியவர், பீசாவில் கற்பித்த இத்தாலியத் துறவி குய்டோ கிராந்தி. இவை பற்றிய அவருடைய நூல் 1728-இல் வெளியானது.

சந்தேகம் இருப்பவர்கள் n = 1 என்று வைத்துப் பாருங்கள். r = cos θ என்பது ½ ஆரமுள்ள வட்டம்; பரப்பு π/4 என்பது பள்ளிப் பாடம். 0 முதல் 2π வரை தொகையிட்டால் இங்கேயும் π/2 என்றுதான் வரும்.