குதியா, நடுப்பாதமா?

பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு மாணவர் ஓட்டப் பயிற்சியின் மேற்பார்வையும் வந்து சேர்ந்திருக்கிறது. மருதனார்மடச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியில் விடியலில் ஓடும் மாணவன் ஒருவன் தன் சப்பாத்தைக் கொணர்ந்து காட்டினான். அதன் குதியில் வெளியோரம் தேய்ந்திருந்தது. "ஐயா, நான் குதியூன்றி ஓடுகிறேனாம். தட்டைச் சப்பாத்து வாங்கினால் நடுப்பாதம் ஊன்ற வருமாம். வாங்கட்டோ?" என்றான். போட்டிக்கு ஆறு கிழமையே இருந்தது.

தேய்வை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. நடந்தும் அது தேய்ந்திருக்கலாம். ஆகவே கைத்தொலைபேசியை நிலமட்டத்தில் பக்கவாட்டாக வைத்து, அவன் ஓட்டத்தை மெதுவியக்கப் படமாகப் பிடித்தோம். மெதுவாக ஓடியபோது குதி முந்தியது. போட்டி வேகத்தில் பாதம் ஏறக்குறையத் தட்டையாக ஊன்றியது. வெறுங்காலோடு புல்லில் ஓடியபோது நடுப்பாதமே முந்தியது. அதே பையன், அதே காலைப்பொழுது!

வேகமும் தரையும் ஊன்றலை மாற்றும், சப்பாத்தும் மாற்றும். அவனுடையதில் குதிப்பகுதி முன்பகுதியிலும் பத்து மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. உயர்ந்த பகுதி முந்தி நிலத்தைத் தொடுதல் இயல்பன்றோ? ஆகவே ஊன்றலைக் கண்டு சப்பாத்தைத் தெரிந்தெடுக்கப் புகுவோர், சப்பாத்து விளைத்த ஊன்றலையே சான்றாகக் கொள்வதும் உண்டு.

குதியூன்றல் குற்றமுமன்று. ஜப்பானின் சப்போரோ அரை மரதன் ஓட்டத்தில், பதினைந்தாவது கிலோமீற்றரிற் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2007இல் முடிவை வெளியிட்டனர். 283 ஓட்டவீரரில் ஏறக்குறைய முக்காற்பங்கினர் குதியையே முதலில் ஊன்றினர். முன்னணியில் ஓடியவர்களிடை நடுப்பாத ஊன்றல் சற்று மிகுந்திருந்தது உண்மை. எனினும் அவர்களிலும் பெரும்பாலோர் குதியூன்றியோரே.

ஊன்றலை மாற்றினால் சுமை ஒழிவதில்லை, இடம்மாறுகிறது. குதியூன்றலில் முழங்கால் மிகுதியாகச் சுமக்கிறது. நடுப்பாத ஊன்றலிற் கெண்டைத்தசையும் குதிநாணும் சுமக்கின்றன. தட்டைச் சப்பாத்தோ குதியைத் தாழ்த்தி அந்நாணை மேலும் இழுக்கும். நோவில்லாத மாணவனுக்குப் போட்டிக்கு முன் இம்மாற்றம் வேண்டாததென்று, பழைய அளவிலேயே புதிய சப்பாத்து வாங்கச் சொன்னேன்.

தெரிவை நோவின் இடம் சிலவேளை மாற்றலாம். முழங்கால் நொந்து வருபவனுக்குக் காலடியைக் குறுக்கி அடிக்கடி வைக்கச் செய்வதும், சற்றுத் தாழ்ந்த குதியும் உதவக்கூடும். குதிநாண் நொந்தவனுக்கு உயர்ந்த குதியே ஆறுதல். நடுப்பாதம் ஊன்றுவோனுக்குத் தடித்த குதி பெரும்பாலும் வீண்பாரம், அவ்வளவே. இவற்றுக்கெல்லாம் முன், விரல்களுக்கு இடமிருக்கிறதா, கால் இசைகிறதா என்று கடையிலேயே சிறிது ஓடிப் பார்த்தல் வேண்டும்.

தட்டைச் சப்பாத்துக்கு மாறியே ஆகவேண்டியவர் முதற் கிழமைகளில் இரு நாள், ஒவ்வொரு நாளும் பத்து நிமிடமே அதனை அணிந்து ஓடுக; மற்ற நாள்களிற் பழையது போதும். காலையில் எழுந்து வைக்கும் முதலடியில் குதிக்குப் பின்னால் விறைப்புத் தோன்றினால், அன்று புதியதைத் தொடலாகாது.