பச்சை வழியில் நடப்பதும் ஒரு பதில்தான்

இரவு பதினொரு மணிக்குத் திருச்சியில் விமானம் ஏறிய இளைஞன், சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அங்கே காலை ஐந்தரை. பயணம் நாலு மணி நேரம்தான். மீதி இரண்டரை மணி நேரத்தைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், இருபத்திரண்டு வயது, கட்டுமானக் கம்பெனியில் வேலை, முதல் வெளிநாட்டுப் பயணம். இவன் ஒரே ஆள் அல்ல. இப்படிப் போகிறவர்கள் பலருக்கு நேர்வதை ஒருவன் கதையாகச் சொல்கிறேன்.

விமானத்தை விட்டு வெளியே வந்தவுடன் முதல் குழப்பம். சாங்கியின் பழைய முனையங்களில் வந்திறங்குபவர்களும் புறப்படுபவர்களும் ஒரே கூடத்தில்தான் நடக்கிறார்கள். கண்ணெதிரே கடைகள், விமான வாயில் எண்கள், ஓடுகிற கூட்டம். தமிழும் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றுதான். ஆனாலும் தேவைப்படும் இடத்திலெல்லாம் தமிழ்ப் பலகை இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. அவன் தேட வேண்டிய சொல் ஒன்றே: Arrival. பக்கத்திலேயே தொங்கும் Transfer, அங்கிருந்து வேறு நாட்டுக்கு விமானம் மாறுபவர்களுக்கானது. அந்தப் பலகையின் பின்னால் போனால் எவ்வளவு நடந்தாலும் வெளியே வர முடியாது. கூட்டம் போகிற பக்கம் போகலாம் என்ற யோசனையும் இங்கே உதவாது, ஏனென்றால் கூட்டத்தில் பாதி வேறு விமானத்துக்குப் போகிறது.

அடுத்து குடிநுழைவுச் சோதனை. விமானத்தில் கொடுக்கும் வெள்ளை அட்டையைப் பேனாவால் நிரப்பும் பழக்கம் சிங்கப்பூரில் 2020-இல் முடிந்துவிட்டது. இப்போது அதன் இடத்தில் இருப்பது SG Arrival Card என்ற மின் படிவம். வந்து சேரும் நாளையும் சேர்த்து, அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இதை நிரப்ப வேண்டும். ica.gov.sg என்ற அரசுத் தளத்தில் இது முழுக்க இலவசம். அதே போலத் தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று, இந்தப் படிவம் விசா அல்ல.

படிவத்தின் கேள்விகள் எளிதானவை. தவறு நேர்வது சின்ன இடங்களில். பதினான்காம் தேதி இரவு கிளம்பியவன் வருகைத் தேதியாகப் பதினான்கு என்றே போடுகிறான். போட வேண்டியது பதினைந்து. பெயரை ஊரில் எழுதுவதுபோல இனிஷியலோடு போடுகிறான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எழுத்தாகத்தான் போட வேண்டும். தங்கும் முகவரி என்ற இடத்தில் விடுதியின் பெயரும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் வேண்டும். 'ஏஜெண்ட் வந்து கூட்டிட்டுப் போவார்' என்பது முகவரி ஆகாது. வேறு பெயரில் உள்ள பாஸ்போர்ட்டைக் கொண்டு எப்போதாவது சிங்கப்பூருக்குள் வந்திருக்கிறீர்களா என்றும் ஒரு கேள்வி உண்டு. பெயர் மாற்றிக்கொண்டவர்கள் அங்கே உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்.

கவுண்ட்டரில் அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளும் சிலதான். எதற்கு வந்தீர்கள்? எந்தக் கம்பெனி? எங்கே தங்குவீர்கள்? 'சுற்றிப் பார்க்க வந்தேன்னு சொல்லு தம்பி' என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால், அந்த ஒரு வாக்கியமே ஆபத்து. வருகையாளர் அனுமதியில் வந்து வேலை செய்வது குற்றம்; இருபதாயிரம் வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. முறையாக வேலைக்கு வருபவனிடம் ஐபிஏ என்ற முன் அனுமதிக் கடிதம் இருக்கும். அதைக் காட்டித்தான் அவன் உள்ளே வருகிறான்.

நம் இளைஞனிடமும் அந்தக் கடிதம் இருக்கிறது, நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள். அதிகாரிக்குக் காட்ட வேண்டிய காகிதம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அதன் பிரதியை, அவர் கிளம்புவதற்கு முன்பே முதலாளி அனுப்ப வேண்டும் என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் விதி. அவனுடைய கடிதமும் தமிழில்தான் இருக்கிறது. படிக்கத்தான் இல்லை.

படித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஏஜெண்ட் சொன்ன சம்பளம் 900 வெள்ளி. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 550, நிலையான படி 100, ஆக 650 என்று வைத்துக்கொள்வோம். கேட்டால், 'ஓவர்டைம் சேர்த்துத் தொள்ளாயிரம் வந்துடும்' என்பார் ஏஜெண்ட். அந்த 250 வெள்ளி எப்படி வரும் என்று பார்ப்போம். அங்குள்ள சட்டப்படி மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி கிடைக்கும். 550-க்கு அது சுமார் 2.88 வெள்ளி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 4.33 வெள்ளி. 250 வெள்ளி சேர்க்க மாதம் கிட்டத்தட்ட 58 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். இருபத்தாறு நாள் வேலை என்றால் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மாதத்துக்கு 72 மணி நேரம்தான் பொதுவான உச்சவரம்பு என்பதால் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஓவர்டைம் வேலை ஒவ்வொரு மாதமும் கிடைக்கும் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் உறுதி இல்லை. முதலாளி கட்டுப்படுவது 650-க்குத்தான். வட்டிக்கு வாங்கிய கடனை 900-ஐ நம்பிக் கணக்குப் போட்டவன் முதல் மாதமே தவணைக்குத் திணறுவான்.

பிடித்தம் என்ற பகுதியையும் விடக்கூடாது. கடிதத்தில் சொன்ன சம்பளத்தைத் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல், அமைச்சுக்கும் தெரிவிக்காமல் குறைக்க முடியாது. அதனால் வந்து சேர்ந்தபின் யாராவது வெற்றுத்தாளிலோ புரியாத தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போடக்கூடாது. முதலாளி அரசிடம் கட்டும் 5,000 வெள்ளிப் பிணையைத் தொழிலாளியிடம் வசூலிக்கவும் கூடாது.

பெட்டியை எடுத்தபின் கடைசியாகச் சுங்கம். சிவப்பு வழி, பச்சை வழி என்று இரண்டு பலகைகள். பச்சையில் நடந்தாலே, 'சொல்ல வேண்டிய பொருள் எதுவும் என்னிடம் இல்லை' என்று அரசிடம் அறிவித்ததாகப் பொருள். வாயால் ஒன்றும் சொல்லவில்லையே என்று பிறகு வாதாட முடியாது. சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலை, குட்கா, மின்சிகரெட் மூன்றும் அடியோடு தடை. சொன்னாலும் கொண்டுபோக முடியாது. இருமல் மருந்திலோ தூக்க மாத்திரையிலோ கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இருந்தால் முன் அனுமதி தேவைப்படலாம். திருச்சியில் யாரோ ஓர் அண்ணன், 'இதை என் தம்பிகிட்டக் குடுத்துடுப்பா' என்று நீட்டும் பொட்டலத்தை வாங்கவே கூடாது. போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை உண்டு. பெட்டி யாருடையதோ அவரிடம்தான் முதல் கேள்வி வரும்.

வீட்டிலிருந்து ஒருவர் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறார் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே ஐபிஏ கடிதத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். வேலை, அடிப்படைச் சம்பளம், பிடித்தம், தங்குமிடம் நான்கையும் ஏஜெண்ட் சொன்னதோடு ஒப்பிடுங்கள். கடிதம் உண்மையா என்று மனிதவள அமைச்சின் mom.gov.sg தளத்தில் சரிபார்க்கலாம். ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும். போனபின் சம்பளத்தில் சிக்கல் வந்தால், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692-க்கு அழைக்கலாம்.