உதவித்தொகைக்கு ஒரு கணக்கு, சம்பளத்துக்கு ஒரு கணக்கு

மாப்ள,

அட்மிஷன் கடிதத்தோடு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் வந்திருக்கிறது என்று படித்ததும் சந்தோஷம். "ஸ்காலர்ஷிப்புக்கு எதுக்குடா வரி?" என்று அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு, படிப்புச் செலவுக்காகக் கிடைக்கும் உதவித்தொகைக்கு வரிவிலக்கு கொடுத்தது. இங்கே அமெரிக்காவில் அப்படி மொத்தமாக விடமாட்டார்கள்.

உன் பணத்தில் 14,000 டாலர் கல்விக் கட்டணத்துக்கும் 6,000 டாலர் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என்று வைத்துக்கொள். பட்டப்படிப்பு மாணவனுக்குக் கல்விக் கட்டணம், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவி ஆகியவற்றுக்குப் போகும் பங்குக்கு வரி இல்லை. மீதி 6,000 வருமானம்தான். F-1 விசாக்காரனிடம் அதில் 14 சதவீதத்தை, அதாவது 840 டாலரை, பல்கலைக்கழகமே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும். சாப்பிடாமல் யார் படிப்பது என்று எனக்கும் கேட்கத் தோன்றும். சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

சம்பளத்தின் கதை வேறு. வேலை செய்தால்தான் பணம் என்றால், கடிதத்தில் ஃபெல்லோஷிப் என்றே போட்டிருந்தாலும் அந்தப் பங்கு சம்பளம்தான். அதனால் உன் கடிதத்தில் "வாரம் இத்தனை மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும், ஆய்வகத்தில் உதவ வேண்டும்" என்று எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார். இருந்தால், அதற்காகத் தரும் பணம் கல்விக் கட்டணத்துக்கே போனாலும் இந்த விலக்கு பொதுவாகக் கிடைக்காது.

இனி கணக்குக்கு வருகிறேன். நூலகத்தில் மணிக்கு 14 டாலருக்கு வாரம் 15 மணி நேரம், 30 வாரம் வேலை செய்தால் 6,300 டாலர். உதவித்தொகையின் 6,000-ஐச் சேர்த்தால் வரிக்குரியது 12,300. இங்கேதான் இந்திய மாணவனுக்கு ஒரு சலுகை. 1989-ல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு, அமெரிக்கர்களுக்குள்ள நிலையான கழிவை நம் மாணவர்களுக்கும் தருகிறது. மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது. 2025 வருமானத்துக்கு அந்தக் கழிவு 15,750 டாலர். உன் 12,300 அதற்குள் அடங்கிவிடுவதால் மத்திய வரி பூஜ்யம். பிடித்த 840 டாலரும் திரும்ப வரும். ஆனால் தானாக வராது, 1040-NR படிவத்தில் நீ கேட்க வேண்டும். மாநில வரி தனி. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை.

அவசரக்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சம்பளத்துக்கான W-2 ஜனவரி இறுதியில் வந்துவிடும், உதவித்தொகைக்கான 1042-S வர மார்ச் ஆகலாம். முதல் தாள் வந்ததும் பிப்ரவரியிலேயே தாக்கல் செய்தவன் 840 டாலரைக் கோட்டை விடுவான். கடைசி நாள் ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. இன்னொன்று, உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஏறினால் அது 1040 படிவத்தைப் போட்டு, உனக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையையும் வாங்கித் தரும். சீனியர்கள் அதை லாட்டரி மாதிரி சொல்லுவார்கள், நம்பாதே. பின்னால் 1040-X போட்டுத் திருத்தி, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

சம்பளச் சீட்டில் இன்னொன்றைப் பார். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று 7.65 சதவீதம் பிடித்தம் இருந்தால் தவறு. F-1 மாணவனுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அது கிடையாது. W-2-ல் 4-ம் 6-ம் பெட்டிகள் காலியாக இருக்க வேண்டும். 6,300-க்கு இது 481.95 டாலர். முதலில் சம்பளப் பிரிவில் எழுத்து மூலம் கேள். அவர்கள் தரவில்லை என்றால், படிவம் 843-ஐயும் 8316-ஐயும் சேர்த்து வரித்துறைக்கு அனுப்பு. பொதுவாக மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத ஆண்டிலும் 8843 அனுப்ப மறக்காதே.

ஓட்டலில் கைக்காசு வேலை வேண்டாம். வரி ஒருபக்கம் கிடக்கட்டும், விசாவே போய்விடும்.

கடைசியாக, ஃபேர்லேண்ட்ஸில் உங்கள் ஆடிட்டரிடம் அப்பாவை ஒன்று கேட்கச் சொல். நீ ஆகஸ்டில் கிளம்புகிறாய். வேலைக்காக வெளிநாடு போகிறவனுக்கு உள்ள 182 நாள் சலுகை, படிக்கப் போகிறவனுக்கு நேரடியாகச் சொல்லப்படவில்லை. எனவே அந்த நிதியாண்டில் நீ இந்தியாவில் குடியிருப்பவனாகவே கருதப்படலாம். அப்படியானால் மார்ச் வரை இங்கே வாங்கும் சம்பளம் அங்கேயும் கணக்கில் வரும். தொகை சிறியது, வரி அநேகமாக வராது. ஆனால் ரிட்டர்ன் போட்டால், இங்கே திறக்கும் வங்கிக் கணக்கையும் அதில் காட்ட வேண்டியிருக்குமா என்பதையும் அவரிடம் கேட்டு எழுது.